பி.கே.யு.: உணவா, மாத்திரையா, ஊசியா? அடைப்பு எங்கே என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது

ஃபினைல்அலனின் என்ற புரதக்கூறு ரத்தத்தில் தேங்கும் பிறவி நோய் பி.கே.யு. அது உள்ள மூன்று வீடுகளிலிருந்து இந்த மாதம் ஏறக்குறைய ஒரே கேள்வி வந்தது. முதல் வீட்டில் பிறந்து இருபது நாளான பெண் குழந்தை. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஃபினைல்அலனின் லிட்டருக்கு 1,500 மைக்ரோமோல். இரண்டாவது வீட்டில் நாலு வயதுப் பையன். சாப்பாட்டில் எவ்வளவு கட்டுப்பாடு வைத்தாலும் அவனுக்கு அளவு 700-க்குக் கீழே இறங்கவில்லை. மூன்றாவதாக எழுதியவர் 26 வயதுப் பெண். சிறு வயதிலேயே நோய் கண்டுபிடிக்கப்பட்டு ஒழுங்காக வளர்ந்தவர், பதினைந்து வயதில் கட்டுப்பாட்டை விட்டுவிட்டார். இப்போது திருமணமாகியிருக்கிறது, குழந்தை வேண்டும் என்கிறார்.

மூவரும் கேட்டது இதுதான்: "உணவு மட்டும் போதுமா, மாத்திரை வாங்கலாமா, ஊசி வந்திருக்கிறதாமே, அது எப்படி?" அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. இந்த நோய் உள்ளவர்களுக்குச் சாப்பாட்டுக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் டயட்டீஷியன். அதனால் எடை தட்டுப் பக்கமிருந்துதான் பேசுவேன்.

## முதலில் அடைப்பு எங்கே என்று பார்ப்போம்

நாம் சாப்பிடும் எந்தப் புரதத்தை எடுத்தாலும் அதில் சுமார் இருபதில் ஒரு பங்கு ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம். உடம்பு அதைத் தானாகச் செய்துகொள்ளாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். வளர்ச்சிக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டபின் மிச்சத்தைக் கல்லீரலில் ஒரு நொதி டைரோசினாக மாற்றுகிறது. அந்த நொதியின் பெயர் ஃபினைல்அலனின் ஹைட்ராக்சிலேஸ். அது தனியாக வேலை செய்யாது. கூடவே டெட்ராஹைட்ரோபயாப்டெரின் என்ற துணைப்பொருள் வேண்டும். சுருக்கமாக பி.எச்.4 என்பார்கள்.

ஃபினைல்கீட்டோன்யூரியா என்கிற பி.கே.யு.வில் இந்த நொதிக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பெற்றோருக்கு ஒரு பிரதி நல்லதாக இருப்பதால் பாதி நொதியே அவர்களுக்குப் போதும், எந்தத் தொந்தரவும் தெரியாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் ஒரே பழுது இருபக்கமும் இருக்க வாய்ப்பு கூடும்.

மதகு அடைபட்டால் ஏரியில் தண்ணீர் ஏறும், கீழே வயல் காயும். இங்கேயும் அப்படித்தான். மேலே ஃபினைல்அலனின் தேங்குகிறது. சாதாரணமாக ரத்தத்தில் 60 மைக்ரோமோல் அளவில் இருக்க வேண்டியது 1,200-ஐத் தாண்டிப் போகிறது. கீழே டைரோசின் குறைகிறது. டைரோசினிலிருந்துதான் முடிக்கும் தோலுக்கும் நிறம் தரும் மெலனினும் மூளையின் டோபமினும் வர வேண்டும். ஏரி நிரம்பினால் கரை வழிவது போல, தேங்கியதில் கொஞ்சம் வேறு வழியில் ஃபினைல்பைருவிக் அமிலமாகி சிறுநீரில் போகிறது. 1934-இல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங், அறிவு வளர்ச்சி குன்றிய இரண்டு குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டபோது பச்சையாக மாறியது இந்த அமிலத்தால்தான். நோய்க்குப் பெயர் கொடுத்தது வழிந்த தண்ணீர், ஆனால் சேதம் செய்வது பெரும்பாலும் ஏரியில் தேங்கியதுதான்.

இதில் விந்தையான விஷயம், நொதி இல்லாமல் போன கல்லீரலுக்கு ஒன்றும் ஆவதில்லை. அடி விழுவது மூளைக்கு. ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக, பெரிய அமினோ அமிலங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வாசல். ஃபினைல்அலனின் கூட்டமாக நின்றால் டைரோசினும் டிரிப்டோஃபானும் உள்ளே போக முடிவதில்லை.

ஆக, கையை வைக்கக்கூடிய இடங்கள் நான்கு. ஏரிக்கு வரும் தண்ணீரைக் குறைக்கலாம்: அது உணவு. மதகையே கொஞ்சம் இயங்க வைக்கலாம்: அது சாப்ராப்டெரின் மாத்திரை. வேறொரு வாய்க்கால் வெட்டலாம்: அது பெக்வாலியேஸ் ஊசி. மூளை வாசலில் நெரிசலைக் குறைக்கலாம்: அது மற்ற அமினோ அமிலங்களை அதிகமாகக் கொடுப்பது. மற்றதெல்லாம் இந்த நான்கின் வகைகள்தான்.

எதையும் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சோதனை முடிந்திருக்க வேண்டும். ஃபினைல்அலனின் கூடியிருக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு நொதி நன்றாகவே இருக்கும், பி.எச்.4 தயாரிப்பதிலோ அதைப் புதுப்பிப்பதிலோதான் பழுது இருக்கும். அதே துணைப்பொருள் மூளையில் டோபமின், செரட்டோனின் செய்யவும் வேண்டும். அவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் கொடுத்தால் ரத்த அளவு அழகாக இறங்கும், குழந்தை மட்டும் தளர்ந்துகொண்டே போகும். இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க, சிறுநீரில் டெரின் அளவும் ரத்தப்பொட்டில் பி.எச்.4-ஐப் புதுப்பிக்கும் டி.எச்.பி.ஆர். நொதியும் பார்த்தார்களா என்று கேளுங்கள். இது நடக்காமல் மாத்திரையா உணவா என்று பேசுவதில் பொருளில்லை.

## எதை வைத்து எடை போடுவது

என் மேசையில் ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறேன்.

ரத்த அளவு இலக்குக்குள் வந்து அங்கேயே நிற்குமா? ஐரோப்பிய வழிகாட்டுதலில் 12 வயது வரையும் கர்ப்ப காலத்திலும் 120 முதல் 360 மைக்ரோமோல், 12-க்கு மேல் 600 வரை. அமெரிக்கர்கள் வாழ்நாள் முழுக்க 360 என்கிறார்கள்.

கீழே காய்ந்த வயலுக்கு, அதாவது டைரோசினுக்கு, என்ன வழி?

இந்த வயதுக்கு, இந்த உடல்நிலைக்கு இது ஆகுமா?

காய்ச்சல் வந்தால், சரக்கு வராமல் போனால் என்ன நடக்கும்?

பில்லில் வராத செலவு எது? பணம் மட்டுமல்ல, நேரமும் சேர்த்து.

இதற்குள் போகும் முன் அலகு பற்றி ஒன்று. வேறொரு வீட்டு அம்மா ஒருநாள் பதறிப் போய் ஃபோன் செய்தார். போன மாதம் 8, இந்த மாதம் 420. ஐம்பது மடங்கு ஏறிவிட்டதே என்று அழுகை. ஒரு ஆய்வகம் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் கொடுத்திருக்கிறது, இன்னொன்று லிட்டருக்கு மைக்ரோமோலில். மில்லிகிராம் எண்ணை 60-ஆல் பெருக்கினால் மைக்ரோமோல். போன மாதத்து 8 என்பது சுமார் 480. அப்படியானால் அளவு இறங்கித்தான் இருக்கிறது. (எனக்குள்ளும் ஒரு நிமிடம் பகீரென்றது, சொல்லாமல் இருக்க முடியாது.) ஒரே ஆய்வகம், ஒரே வகை மாதிரி, ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் காயவைத்த ரத்தப்பொட்டில் எண் பொதுவாகக் கொஞ்சம் குறைவாகவே வரும், அதை ஊசி போட்டு எடுத்த ரத்தத்தோடு ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள்.

## உணவு: வரத்தைக் குறைப்பது

1950-களின் தொடக்கத்தில் பர்மிங்ஹாமில் ஹார்ஸ்ட் பிக்கலும் கூட்டாளிகளும் ஃபினைல்அலனின் நீக்கிய பாலைச் செய்து ஒரு சிறு பெண்ணுக்குக் கொடுத்துக் காட்டியதிலிருந்து இன்றுவரை இதுதான் அடித்தளம். இந்த நோயில் உணவு இவ்வளவு வேலை செய்யக் காரணம், தேங்கும் பொருள் முழுக்க வெளியிலிருந்து வருவதுதான். கேலக்டோஸ் என்ற பால் சர்க்கரைக்கூறு தேங்கும் கேலக்டோசீமியா நோயில் பாலை முற்றிலும் நிறுத்தினாலும் உடம்பே கேலக்டோஸ் செய்துகொள்கிறது, அதனால் அங்கே உணவால் முழுப் பலன் இல்லை.

இரண்டு பகுதி இருக்கிறது. சாதாரணப் புரதத்தை அளந்து குறைப்பது ஒன்று. குறைந்த புரதத்துக்கு ஈடாக, ஃபினைல்அலனின் இல்லாத, டைரோசின் சேர்த்த ஃபார்முலா பொடியைக் கொடுப்பது மற்றொன்று. பலரும் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். பருப்பு, பால், முட்டையை நிறுத்திவிட்டு, நாற்றமடிக்கிறது என்று பொடியைத் தள்ளிவிடுகிறார்கள். அப்போது குழந்தைக்குப் புரதம் போதாமல் உடம்பு தன் தசையையே உடைக்கிறது. அந்தத் தசையிலும் ஃபினைல்அலனின் உண்டு. சாப்பாட்டில் ஒன்றுமே கொடுக்கவில்லை, அளவு மட்டும் ஏறுகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "பொடி எத்தனை வேளை?"

முதல் வீட்டுக் குழந்தையின் கணக்கைப் பார்ப்போம். எடை 3.5 கிலோ. 1,500-இலிருந்து இறக்க இரண்டு மூன்று நாள் தாய்ப்பாலை நிறுத்தி வெறும் ஃபார்முலா மட்டும் கொடுத்தார்கள். அம்மா அந்த நாட்களில் பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்தார், இல்லையென்றால் பால் வற்றிவிடும். அளவு இறங்கியதும் திரும்பத் தாய்ப்பால். இதில் தாமதம் கூடாது. ஃபினைல்அலனின் சுத்தமாக இல்லாமல் போனாலும் குழந்தை வளராது, தோல் உரியும், முடி கொட்டும்.

தொடக்க அளவாக நாளைக்கு 160 மில்லிகிராம் என்று முடிவானது. தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 46 மில்லிகிராம். ஆக 350 மில்லி தாய்ப்பால். அந்த எடைக்கு மொத்தம் 525 மில்லி திரவம் வேண்டும், மிச்சம் 175 ஃபார்முலா. ஆனால் மார்பில் குடிக்கும் பாலை எப்படி அளப்பது? அளக்க வேண்டியதில்லை. நாளைக்கு ஏழு வேளை என்றால் ஒவ்வொரு வேளையும் முதலில் 25 மில்லி ஃபார்முலாவைக் கொடுத்துவிட்டு, அப்புறம் போதும் போதும் என்கிற வரை பால் கொடுக்கலாம். வயிற்றில் ஏற்கெனவே 25 இருப்பதால் குழந்தை தாய்ப்பாலை அதற்கேற்பக் குறைத்தே குடிக்கும். வாரத்தில் ஒருமுறை ரத்தம் பார்த்து, ஏறினால் 25-ஐ 30 ஆக்குவோம், இறங்கினால் 20. பசும்பாலில் 100 மில்லிக்கு 160 மில்லிகிராம் வரை இருக்கிறது. அதை நினைத்தால் தாய்ப்பால் எவ்வளவு வசதி என்று புரியும்.

குழந்தை பெரிதானால் கணக்கு தட்டுக்கு மாறும். ஒரு கிராம் புரதம் ஏறக்குறைய 50 மில்லிகிராம் ஃபினைல்அலனின். அதை ஒரு 'பங்கு' என்று வைத்துக்கொள்வோம். நாலு வயதுப் பையன் தாங்கும் அளவு 300 மில்லிகிராம், அதாவது ஆறு பங்கு. காலையில் ஒரு சிறு இட்லி சுமார் இரண்டு பங்கு. உளுந்து இருப்பதால் இட்லி பார்ப்பதற்கு எளிமையாக இருந்தாலும் கணக்கில் கனம். மதியம் 80 கிராம் வடித்த சோறு இரண்டு பங்கு, பருப்பில்லாத சுரைக்காய்க் கூட்டோடு. சாயங்காலம் ஒரு சின்ன உருளைக்கிழங்கு ஒரு பங்கு. இரவு ஜவ்வரிசி உப்புமா, நெய் விட்டு. ஜவ்வரிசியில் புரதம் இல்லையென்றே சொல்லலாம், எங்கள் வேலையில் அது தங்கம். ஆரோரூட் மாவும் அப்படித்தான். மிச்சம் ஒரு பங்கு காய்கறிக்கும் பழத்துக்கும் போய்விடும். பையனுக்குத் தேவையான புரதத்தின் பெரும்பகுதி இந்தத் தட்டில் இல்லை. அது மூன்று வேளையாகப் பிரித்துக் குடிக்கும் பொடியில் இருக்கிறது.

பொடியிலும் இரண்டு வகை உண்டு. பழையது தனித்தனி அமினோ அமிலக் கலவை: வாடையும் கசப்பும் அதிகம், விலை குறைவு. புதியது பாலாடைக்கட்டி தயாரிக்கும்போது பிரியும் தெளிநீரிலிருந்து எடுக்கும் கிளைகோமேக்ரோபெப்டைடு. இயற்கையிலேயே ஃபினைல்அலனின் இல்லாத புரதம் என்றாலும், சுத்திகரிப்பில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். 20 கிராம் புரதத்துக்கு 30 மில்லிகிராம் அளவில் இருக்கும். சுவை பரவாயில்லை, பசியும் தாங்கும். ஆறு பங்கு மட்டுமே தாங்கும் சின்னப் பையனுக்கு அதில் அரைப் பங்கை இப்படி இழப்பது எனக்கு மனசாகாது. பள்ளிப் பையில் பாட்டில் எடுத்துப்போக வெட்கப்படும் பதினான்கு வயதுக்காரருக்கு, குடிக்காத கசப்பு மருந்தைவிடக் குடிக்கிற இதுவே மேல்.

மறைந்த செலவு? தராசு, ரத்த அட்டை, இறக்குமதி சரக்கு தாமதமானால் வரும் கலவரம். கல்யாண வீட்டுப் பந்தி. குழந்தை அழுகிறதே என்று பாட்டி நைசாக ஊட்டும் ஒரு வாய்ப் பால்சோறு. சர்க்கரை இல்லாத இருமல் மருந்திலும் சூயிங்கத்திலும் இருக்கும் அஸ்பார்ட்டேம், அதன் எடையில் பாதிக்கு மேல் ஃபினைல்அலனின். காய்ச்சலில் பையன் சாப்பிடாமல் படுத்தால் தசை உடைந்து அளவு ஏறும். அப்போது பங்கைக் குறைத்து, சர்க்கரைத் தண்ணீர், ஜவ்வரிசிக் கஞ்சி என்று மாவுச்சத்தை ஏற்றி, பொடியைச் சிறுசிறு மடக்காகத் தொடர வேண்டும்.

## சாப்ராப்டெரின்: மதகையே இயக்குவது

இது செயற்கையாகச் செய்த பி.எச்.4. அமெரிக்காவில் 2007 டிசம்பரில் அனுமதி பெற்றது. நொதியின் வடிவம் கொஞ்சம் கோணலாக இருந்தால், அதிக அளவு துணைப்பொருள் அதைத் தாங்கிப் பிடித்து நிலைநிறுத்தும். நொதியே உருவாகாத பழுது என்றால் தாங்கிப் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. அதனால் இது எல்லோருக்கும் வேலை செய்வதில்லை, லேசான வகையில் அதிகம், கடுமையான வகையில் குறைவு. இரு பிரதிகளிலும் நொதியே தராத பழுது என்று மரபணுச் சோதனையில் தெரிந்தால் முயன்று பார்ப்பதே வீண்.

வேலை செய்யும்போது இதற்கு இணையில்லை. சொந்த நொதியே ஓடுவதால் தேக்கமும் இறங்கும், டைரோசினும் வரும்.

நாலு வயதுப் பையனுக்கு முயன்ற கணக்கு இது. எடை 15 கிலோ. கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் நாளைக்கு 300, அதாவது நூறு மில்லிகிராம் மாத்திரை மூன்று. தண்ணீரில் கரைத்து, சாப்பாட்டோடு, தினமும் ஒரே நேரத்தில். தொடங்கும் முன் அளவு 720. முப்பது சதவீதம் இறங்கினால் பலன் உண்டு என்பது விதி, அதாவது 504-ஐத் தொட வேண்டும். 24 மணி நேரத்தில் 560. அப்பா முகம் வாடிவிட்டது. 48 மணி நேரத்தில் 440, கிட்டத்தட்ட 39 சதவீத இறக்கம். சிலருக்கு நான்கு வாரம் வரை பார்த்தபின்தான் முடிவு சொல்ல முடியும்.

இந்த எண்ணை நம்ப ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த நாட்களில் சாப்பாடு ஒரு கிராம்கூட மாறியிருக்கக் கூடாது. மாத்திரை தொடங்கிய உற்சாகத்தில் வீட்டில் கட்டுப்பாடு இறுகிவிடும், அதனால் வந்த இறக்கத்தை மாத்திரையின் கணக்கில் எழுதிவிடுவோம். நான் சோதனைக்கு முந்தைய வாரமே உணவு நோட்டு கேட்பது இதற்காகத்தான். ஏற்கெனவே அளவு 300-இல் நிற்கும் குழந்தைக்கு இறக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. அங்கே பார்க்க வேண்டியது, மாத்திரையோடு எத்தனை பங்கு வரை கூட்டினால் அளவு இலக்குக்குள் நிற்கிறது என்பது. ஆறு பங்கு பன்னிரண்டானால் அந்த வீட்டில் வாழ்க்கையே வேறு. முழுத் தட்டு சோறு, இரண்டு இட்லி. ஆனாலும் பால், முட்டை, சுண்டல் எல்லாம் இஷ்டத்துக்கு இல்லை. பெரும்பாலானோருக்குப் பொடியும் கொஞ்சம் தொடரும்.

மறைந்த செலவு எடையில் இருக்கிறது. பையனுக்கு இன்று மூன்று மாத்திரை, 60 கிலோ வாலிபனானால் பன்னிரண்டு. இன்றைய விலையை வைத்து முடிவெடுக்காமல் பதினைந்து வருடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். மாத்திரை நின்றால் சில நாட்களில் அளவு பழையபடி ஏறும், பன்னிரண்டு பங்கு பழகிய பையனை ஆறுக்கு இறக்குவது பெரும் பாடு. இந்தியாவின் 2021 அரிய நோய்க் கொள்கையில், சிறப்பு உணவால் சமாளிக்கும் நோய்களின் பட்டியலில் பி.கே.யு. இருக்கிறது. அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவிக்கு இடமுண்டு. மையத்தில் பதிவு செய்துகொண்டு, எது அதில் அடங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

செபியாப்டெரின் என்ற பொடியும் 2025-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றிருக்கிறது. உடம்புக்குள் பி.எச்.4 ஆக மாறுவதால் இதுவும் அதே மதகு வழிதான். சாப்ராப்டெரினில் அரைகுறைப் பலன் கண்டவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

## வாசல் காவல்: பெரிய அமினோ அமிலங்கள்

டைரோசின், டிரிப்டோஃபான், லூசின் போன்றவற்றை மாத்திரையாக அதிகம் கொடுத்தால் மூளை வாசலில் ஃபினைல்அலனினுக்குப் போட்டி கூடும். கட்டுப்பாட்டுக்கு எந்த வகையிலும் திரும்ப மாட்டேன் என்கிற பெரியவர்களுக்கு ஒன்றுமில்லாததற்கு இது. ரத்த அளவு பெரிதாக இறங்காததால், பலிக்கிறதா என்று எண்ணை வைத்துச் சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு உறுத்தல். சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது.

## பெக்வாலியேஸ்: வேறு வாய்க்கால்

இது மனித நொதியே இல்லை. அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசியினத்திலிருந்து வந்த ஃபினைல்அலனின் அம்மோனியா லையேஸ். உடம்பு சீக்கிரம் கண்டுபிடித்து அழித்துவிடாதபடி மேலே பாலிஎத்திலீன் கிளைக்கால் போர்த்தியிருக்கிறார்கள். தோலுக்கடியில் போடும் ஊசி. அது ஃபினைல்அலனினைச் சின்னமிக் அமிலமாகவும் கொஞ்சம் அம்மோனியாவாகவும் உடைக்கிறது. முன்னது மாற்றமடைந்து சிறுநீரில் போகும், பின்னதை ஆரோக்கியமான கல்லீரல் யூரியாவாக்கிவிடும். சொந்த நொதி துளியும் இல்லாதவருக்கும் இது வேலை செய்வதுதான் இதன் பலம். பலித்தவர்களில் சிலர் சாதாரணச் சாப்பாடே சாப்பிடுகிறார்கள்.

ஆனால் இந்த வாய்க்கால் காய்ந்த வயலுக்குப் போவதில்லை. டைரோசின் இதில் உருவாகாது, தேவைப்பட்டால் தனியாகக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2018-இல், அளவு 600-க்கு மேல் நிற்கும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அனுமதி வந்தது. ஐரோப்பாவில் 16 வயது முதல்.

செலவு பொறுமையில் தொடங்குகிறது. முதல் மாதம் வாரத்துக்கு ஒரு ஊசி, 2.5 மில்லிகிராம். படிப்படியாக ஏற்றித் தினமும் 20. அங்கேயே மாதக்கணக்கில் நின்று பார்த்து, போதாவிட்டால் 40, அதற்கப்புறம் 60. பலன் தெரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். நடுவில் மூட்டு வலி, ஊசி போட்ட இடத்தில் தடிப்பு. சோதனைகளில் சுமார் 9 சதவீதம் பேருக்கு மூச்சை அடைக்கும் கடும் ஒவ்வாமை வந்தது. அதனால் எபினெஃப்ரின் ஊசி எப்போதும் கையில் இருக்க வேண்டும், தொடக்கக் காலத்தில் ஊசிக்குப் பிறகு ஒருவர் கூட இருந்து கவனிக்க வேண்டும். தனியறையில் வாழும் ஒருவருக்கு இந்த 'ஒருவர்' என்பதே பெரிய செலவு.

இன்னொரு திருப்பமும் உண்டு. பலிக்கத் தொடங்கினால் சிலருக்கு அளவு 30-க்கும் கீழே போய்விடும். இத்தனை வருடம் குறைக்கப் பழகியவரை, அதிகமாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிப் பழக்க வேண்டும். முதல் முறை முட்டை சாப்பிட்டுவிட்டு, தப்பு செய்துவிட்டோமோ என்று தூங்காதவர்கள் இருக்கிறார்கள்.

## ஒரு பார்வையில்

| | உணவும் பொடியும் | சாப்ராப்டெரின் | பெக்வாலியேஸ் |
|---|---|---|---|
| கை வைக்கும் இடம் | வரத்து | மதகு | வேறு வாய்க்கால் |
| சொந்த நொதி மிச்சம் வேண்டுமா | வேண்டாம் | கட்டாயம் | வேண்டாம் |
| டைரோசின் | பொடியில் சேர்த்தது | தானே வரும் | தனியாகத் தேவைப்படலாம் |
| வயது | பிறந்தது முதல் | குழந்தைகளுக்கும் உண்டு | பெரியவர்களுக்கு |
| பலன் தெரிய | நாட்கள் | 2 நாள் முதல் 4 வாரம் | மாதங்கள், சிலருக்கு வருடம் |
| பில்லில் வராதது | சமையலறை நேரம் | எடையோடு ஏறும் அளவு | ஒவ்வாமைக் காவல் |

## மூன்று வீடுகளும் எங்கே வந்து நின்றன

இருபது நாள் குழந்தைக்குத் தேர்வு என்று ஒன்றுமில்லை: இன்றே உணவு. மூளை வேகமாக வளரும் மாதங்கள் இவை, மாத்திரை பலிக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் நேரமல்ல. மரபணு முடிவு வரட்டும். லேசான வகை என்றால் சாப்ராப்டெரின் சோதனையை மருத்துவர் பிறகு வைத்துக்கொள்வார்.

நாலு வயதுப் பையனுக்கு மாத்திரை பலிக்கிறது. ஆனால் உணவு நோட்டைப் புரட்டியபோது பொடி பாதி நாள் ஒரு வேளைதான் என்று தெரிந்தது. அதனால் நான் சொன்னது இது: முதலில் ஒரு மாதம் பொடியை மூன்று வேளையும் கொடுத்துப் பார்ப்போம். அதிலேயே 720 என்பது 400-க்கு வந்தால், மாத்திரையின் வேலை அளவை இறக்குவதாக இல்லாமல் தட்டில் பங்கு கூட்டுவதாகிவிடும். அந்தப் பணத்தைத் தொடர்ந்து கட்ட முடியுமா என்று அப்போது குடும்பம் நிதானமாக யோசிக்கலாம். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. பலிக்கிற மருந்தை ஏன் தள்ளிப்போட வேண்டும் என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. மருத்துவரிடம் பேசிவிட்டு இரண்டையும் சேர்த்தே தொடங்கியிருக்கிறார்கள், எது எவ்வளவு இறக்கியது என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது.

26 வயதுப் பெண்ணுக்கு முதல் பார்வையில் ஊசிதான் பொருத்தம் என்று தோன்றும்: வயது சரி, அளவு 1,100. குழந்தை வேண்டும் என்ற ஒரே வாக்கியம் கணக்கைத் திருப்பிவிடுகிறது. நஞ்சுக்கொடி அமினோ அமிலங்களை இழுத்து உள்ளே தள்ளுவதால் கருவின் ரத்தத்தில் அளவு அம்மாவுடையதைவிட ஒன்றரை மடங்கு. குழந்தைக்கு பி.கே.யு. இல்லாவிட்டாலும் அந்த வெள்ளத்தில் தலை சிறுத்து, இதயக் கோளாறோடு பிறக்கலாம். எனவே கருத்தரிக்கும் முன்பே 360-க்குக் கீழே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மாதக்கணக்கில் ஏற்றும் ஊசியைக் கர்ப்பத்தை எதிர்பார்த்துத் தொடங்குவது சரிப்படாது. அமினோ அமில மாத்திரை ரத்த அளவை இறக்காது. மிஞ்சுவது பதினைந்து வயதில் விட்ட அதே உணவு. சாப்ராப்டெரின் பலிக்கிறவர், உணவால் மட்டும் இறங்கவில்லை என்றால் துணைக்கு அது.

அவர் மறுபடி தராசு வாங்கிவிட்டார். பழைய பொடி வாடைக்கு வயிறு புரட்டுகிறது என்றதால் கிளைகோமேக்ரோபெப்டைடு வகைக்கு மாற்றினோம். கணவருக்கும் மரபணுச் சோதனை எழுதிக் கொடுத்தார்கள். கரு தங்கியபின் வாரத்துக்கு இரண்டு ரத்த அட்டை. முதல் மூன்று மாதம் வாந்தியில் சாப்பிட முடியாமல் அளவு ஏறும், அதுதான் கடினமான கட்டம். ஐந்தாம் மாதத்துக்குமேல் குழந்தை வளரப் புரதத்தை இழுக்கத் தொடங்கும்போது தாங்கும் பங்கு தானாகக் கூடிக்கொண்டே போகும், வாராவாரம் தட்டில் சோறு ஏற்ற வேண்டியிருக்கும். பிறக்கும் குழந்தைக்குக் குதிகால் ரத்தத்தில் பி.கே.யு. இல்லையென்றால் இவர் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். இவருடைய பாலில் ஃபினைல்அலனின் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், அந்தக் குழந்தையின் கல்லீரலில் மதகு திறந்தே இருக்கும்.